பஹ்லூலும் சாப்பாட்டுக்கடைக்காரனும்: ஒரு பாரசீகக் கதை தமிழுக்கு வரும் வழி

பாரசீக வாய்மொழிக் கதைகளில் முல்லா நஸ்ருத்தீனுக்கு ஒரு மூத்த பங்காளி உண்டு. பெயர் பஹ்லூல். முல்லாவைப் பற்றிய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். பஹ்லூலைத் தமிழ் முஸ்லிம்களின் சமயச் சொற்பொழிவுகளுக்கு வெளியே அதிகம் பேர் அறிந்திருக்க மாட்டார்கள். கூஃபா நகரத்துக்காரர். இயற்பெயர் வுஹைப் இப்னு அம்ர் என்பார்கள். கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் ஆண்ட காலத்தில் (786-809) வாழ்ந்தவர். பாக்தாத் நகருக்கு அவரை நீதிபதியாக்க ஹாரூன் விரும்பியதாகவும், அந்தப் பதவியிலிருந்து தப்பிக்க மறுநாள் காலையில் ஒரு குச்சியைக் குதிரையாகப் பாவித்துக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு, "வழி விடுங்கள், குதிரை உதைத்துவிடும்" என்று தெருவெங்கும் ஓடியதாகவும் கதை சொல்கிறது. அன்றோடு ஊருக்கு அவர் பைத்தியம். பாரசீகக் கதைசொல்லிகளுக்கோ 'பஹ்லூலெ தானா', அதாவது அறிவாளி பஹ்லூல்.

இப்படிப்பட்ட 'அறிவுள்ள பைத்தியங்கள்' பற்றி, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நிஷாப்பூரி என்பவர் அரபியில் ஒரு தொகுப்பே செய்திருக்கிறார். அதில் பஹ்லூலும் உண்டு. பாரசீகச் சூஃபிக் கவிஞர் அத்தாரின் நெடுங்கவிதைகளில் அவர் அடிக்கடி தலைகாட்டுகிறார். ஆனால் ஈரானில் இன்று குழந்தைகளுக்குச் சொல்லப்படும் பஹ்லூல் இந்தப் பெரிய நூல்களிலிருந்து வந்தவர் என்பதைவிட, மலிவுப் பதிப்புகளிலிருந்தும் பாட்டிமார் வாயிலிருந்தும் வந்தவர் என்பதே சரி. அவற்றில் மிகவும் பெயர் பெற்ற ஒரு கதையைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது சிரிப்பு எங்கே தங்கும், எங்கே சிந்தும் என்பதை இங்கே பார்க்கலாம்.

கதைக்குப் பாரசீகத்தில் வைக்கும் பெயர் பெரும்பாலும் 'பஹ்லூலும் சமையற்காரனும்' என்பதுதான். யார் யார் என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்பதைப் பெயர் மூடி வைத்துக்கொள்கிறது. தமிழில் கதைக்குத் தலைப்பு வைக்கிறவர்கள் கதையின் முடிச்சையே தலைப்பாக்கிவிடுவது வழக்கம். இந்தக் கதைக்கு அப்படி ஒரு தலைப்பு விழுந்தால் முதல் வரியைப் படிக்கும் முன்பே சிரிப்பு செலவாகிவிடும்.

கதையின் எலும்புக்கூடு இது. ஓர் ஏழை பஜார் வழியாகப் போகிறான். சாப்பாட்டுக்கடையில் பெரிய பாத்திரம் கொதிக்கிறது. அவன் கையில் இருப்பது காய்ந்த ரொட்டி. பாத்திரத்தின் மேல் எழும் ஆவியில் ரொட்டியைப் பிடித்துத் தின்கிறான். கடைக்காரன் வழிமறித்து, ஆவிக்குக் காசு கேட்கிறான். கூட்டம் கூடுகிறது. அந்தப் பக்கமாக வரும் பஹ்லூலிடம் ஏழை நியாயம் கேட்கிறான். பஹ்லூல் கடைக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இவன் உன் சாப்பாட்டைத் தின்றானா?" "இல்லை, ஆவியையும் வாசனையையும் அனுபவித்தான்" என்று பதில் வருகிறது. பஹ்லூல் சில வெள்ளிக் காசுகளை எடுத்துக் கடைக்காரனுக்குக் காட்டி, தரையில் கொட்டி, சத்தத்தைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். இதென்ன காசு கொடுக்கிற முறை என்று கடைக்காரன் கேட்க, ஆவியையும் வாசனையையும் விற்பவன் காசின் சத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அதுவே நீதி என்கிறார் பஹ்லூல்.

இதைப் படித்ததும் பல தமிழ் வாசகர்களுக்கு, "இது மரியாதை ராமன் கதையாயிற்றே" என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. இந்த வழக்கு உலகம் சுற்றியது. 13ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கதைத் தொகுப்பான 'நொவெல்லீனோ' இதை அலெக்சாந்திரியா நகரில் நடந்ததாகச் சொல்கிறது. அங்கே வழக்கு சுல்தான் வரைக்கும் போகிறது. 1546இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு எழுத்தாளர் ராபலே இதைப் பாரிஸ் நகரத்து இறைச்சி சுடும் கடைக்கு மாற்றி, சுமை தூக்குகிறவன் ஒருவனை ரொட்டியோடு நிறுத்தினார். தீர்ப்புச் சொல்ல அவர் அழைத்தது ஊரறிந்த ஒரு பைத்தியக்காரனை. தமிழில் சோற்றையும் குழம்பு வாசனையையும் வைத்து மரியாதை ராமன் பேரில் இதே மாதிரி வழக்கைச் சொல்கிறவர்கள் உண்டு.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்த உறவு உதவி என்பதைவிட ஆபத்து என்றே சொல்ல வேண்டும். கை தானாக மரியாதை ராமன் பக்கம் போகும். மரியாதை ராமன் நீதிபதி. அவன் முன்னால் வழக்கு வருவதும் அவன் தீர்ப்புச் சொல்வதும் அவன் வேலை. கூட்டம் அடங்கி நிற்கும், தீர்ப்பு செல்லும். பஹ்லூலுக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடையாது. சொல்லப்போனால் நீதிபதிப் பதவி வேண்டாம் என்பதற்காகவே பைத்தியமானவர். அந்த மனிதரிடம் பஜாரில் ஒருவன் நியாயம் கேட்கிறான், அவரும் கொடுக்கிறார், ஊரில் மற்ற எவருக்கும் தோன்றாத நியாயமாக அது அமைகிறது. பாரசீகச் செவிக்குச் சிரிப்பின் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'நொவெல்லீனோ' இந்தப் பாதியை இழந்துவிட்டது. ராபலே அதைப் பிடித்துக்கொண்டார். தமிழில் பஹ்லூலைத் திண்ணையில் உட்கார வைத்து வழக்கு விசாரிக்கச் செய்தால், ஒரு நல்ல தீர்ப்புக் கதை கிடைக்கும். பஹ்லூல் கிடைக்கமாட்டார்.

அவரை எப்படி அழைப்பது என்பதிலேயே முதல் சிக்கல் வருகிறது. பாரசீகக் கதைகளில் ஊரார் அவரைச் சொல்வது 'திவானே', பைத்தியம். தமிழில் கையருகே இருக்கும் சொற்கள் கோமாளி, விகடகவி, முட்டாள், கிறுக்கன், பித்தன். கோமாளி கூத்துமேடைக்காரன், சிரிக்க வைப்பது அவன் தொழில். விகடகவி என்றதும் அரசவை வந்துவிடும், தெனாலி ராமன் வந்துவிடுவான். பஹ்லூல் எவரிடமும் சம்பளம் வாங்கியவர் அல்லர். முட்டாள் என்பது வெறும் வசை. பித்தன் என்ற சொல்லில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சுந்தரர் சிவனை அப்படி அழைத்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு வசையும் பக்தியும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. ஆனால் பஜார் கூட்டத்தின் வாயில் அது செய்யுள் வாடை அடிக்கும். கடைக்காரனும் கூட்டமும் 'கிறுக்கன்' என்பதும், கதை சொல்கிறவர் எந்த அடைமொழியும் இல்லாமல் 'பஹ்லூல்' என்று மட்டும் சொல்வதும் இந்தக் கதைக்குப் போதும்.

'தானா' என்ற பட்டத்தை அப்படியே விட்டுவிடலாமா என்றால், தமிழ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 'பஹ்லூல் தானா' என்று அச்சிட்டால் வந்திருப்பது பஹ்லூல்தானா என்று யாரோ சந்தேகப்படுவதாகத்தான் படிக்கத் தோன்றும். ரொட்டிக்குப் பாரசீகச் சொல்லான 'நான்' என்பதிலும் இதே கூத்து உண்டு. ஓட்டல் பட்டியலில் பிழைத்துக்கொள்ளும் அந்தச் சொல், "ஏழை நான் தின்றான்" என்ற வாக்கியத்தில் பிழைக்காது. ரொட்டி என்பதே நல்லது.

இவற்றைவிடப் பெரியது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. பாரசீகத்தில் 'கொஃப்த்' என்றால் சொன்னான், சொன்னாள், சொன்னது எல்லாம்தான். ஆண் பெண் வேறுபாடே கிடையாது. ஒருமை வினையால் கதைநாயகனுக்கு மரியாதைக் குறைவு ஏதும் வந்துவிடுவதும் இல்லை. தமிழில் முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்: பஹ்லூல் வந்தானா, வந்தாரா? 'வந்தான்' என்றால் வாசகர் அவரைக் கடைக்காரனுக்குச் சமமாக வைத்துவிடுவார். 'வந்தார்' என்றால் இவர் பெரியவர், ஏதோ புத்திசாலித்தனமாகச் செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் அல்லவா என்று கேட்கலாம். தெரியட்டும். பாரசீகத்தில் கதை கேட்கிற எவருக்கும் பஹ்லூல் அறிவாளி என்பது தெரியும், பட்டமே அதுதான். அறிவாளி என்பதை மறைத்து வைத்துக் கடைசியில் காட்டுவது இந்தக் கதையின் உத்தி அன்று. கேட்பவருக்குத் தெரியும், கடைக்காரனுக்குத் தெரியாது என்பதுதான் உத்தி. ஆகவே கதை சொல்லும் குரல் 'ஆர்' போட வேண்டும், கடைக்காரன் அவரை 'நீ' என்று சொல்ல வேண்டும். நியாயம் கேட்கும் ஏழை 'நீங்கள்' என்பான். ஊரார் கிறுக்கன் என்பவரை 'நீங்கள்' என்று அழைப்பதிலேயே அவன் நிலைமை எவ்வளவு மோசம் என்பதும் தெரிந்துவிடுகிறது. மூலத்தில் இந்த மூன்று படிகள் இல்லை. தமிழ் அவற்றைக் கேட்டு வாங்குகிறது, கொடுத்தால் நகைச்சுவைக்கு லாபம்.

அடுத்தது கடைக்காரனின் வாதம். பல மறுகூற்றுகளில் ஆவி காணாமல் போய் வாசனை மட்டும் மிஞ்சுகிறது. காற்றில் வந்த வாசனைக்குக் காசு கேட்பவன் வெறும் பேராசைக்காரன். அவனைத் தோற்கடிக்கப் பஹ்லூல் தேவையில்லை, கூட்டத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் போதும். கதையில் ஏழை சும்மா முகர்ந்துவிட்டுப் போகவில்லை. காய்ந்த ரொட்டியை ஆவியில் பிடித்து இளக்கித் தின்றிருக்கிறான். அந்த ஆவி கடைக்காரனின் விறகால், கடைக்காரனின் பாத்திரத்தில் உண்டானது. அவனிடம் ஒரு கடுகளவு நியாயம் இருக்கிறது. அந்தக் கடுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பதால்தான் கூட்டம் உடனே அவனை விரட்டாமல் வாய் பார்க்கிறது. மொழிபெயர்ப்பில் ரொட்டி இளகியது தெரிய வேண்டும். கடைக்காரனுக்குப் 'பேராசை பிடித்த' என்ற அடைமொழி வரக்கூடாது. அவன் பேசுவதிலிருந்து வாசகர் தாமே கண்டுகொள்வார். 'ஆவியைத் தின்றான்' என்று எழுதிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பேய்க்கதை ஆகிவிடும். இட்லி அவிக்கிற நாட்டில் 'ஆவியில் காட்டினான்' என்றால் எவருக்கும் புரியும்.

பஹ்லூலின் தீர்ப்பு பஜார் மொழியில் இருக்கிறது. மூலத்தில் அவர் "சத்தத்தைக் கேள்" என்று சொல்வதில்லை. கடைக்குச் சரக்கு வந்து இறங்கினால் பெற்றுக்கொள்வதற்கு என்ன சொல்லோ, அந்தச் சொல்லால்தான் சத்தத்தைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். ஒரு சத்தத்தைச் சரக்கு போல ஒப்படைக்கிறார். இங்கே தமிழுக்கு எதிர்பாராத வசதி ஒன்று உண்டு. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் பாரசீகம் அலுவல் மொழியாக இருந்தது. அப்படியும், தக்காணி, மராத்தி வழியாகவும், பாரசீகச் சொற்களும் பாரசீகம் சுமந்து வந்த அரபிச் சொற்களும் தமிழ்க் கடைவீதியில் குடியேறின. பஜார், பாக்கி, வசூல், ரசீது, தகராறு, ஜேபி எல்லாம் அந்தக் கூட்டம். பிரியாணிக் கடைகளில் இன்றும் அடுப்பேறும் தேக்சா, பாரசீகத்தில் சிறு பாத்திரத்தைக் குறிக்கும் 'தீக்சே'தான். எனவே இந்தக் கதையில் தகராறு என்றும் தேக்சா என்றும் எழுதும்போது அந்நிய வாடை வருவதில்லை. பஜாரும் அப்படியே நிற்கிறது. பூசல், கொப்பரை, அங்காடி என்று போனால் கதை பள்ளிப் பாடப்புத்தகத்துக்குள் நுழைந்துவிடும். இந்தச் சொற்களை அளவாகவே போட வேண்டும் என்பதும் உண்மை. பஹ்லூலின் வாயில் 'வசூல்', 'பாக்கி', 'ரசீது' மூன்றையும் திணித்தால் அவர் மேடை நகைச்சுவை நடிகராகிவிடுவார்.

மூலத்தின் அமைப்பில் தமிழோடு மோதுகிற ஓர் இடம் உண்டு, மொழிபெயர்ப்பைப் பலவீனமாக்குவதும் அதுதான். பாரசீகத்தில் 'சொன்னார்' முன்னால் வரும், பேச்சு பின்னால் வரும். பேச்சின் கடைசிச் சொல்லே வாக்கியத்தின் கடைசிச் சொல். தமிழில் இயல்பான அமைப்பு பேச்சு முடிந்து 'என்றார்' வருவது. ஊர்க்கதை முழுக்க அது பொருந்தும். ஆனால் சிரிப்பு வெடிக்க வேண்டிய வரியின் வாலில் 'என்று பஹ்லூல் அமைதியாகப் புன்னகைத்தபடி கூறினார்' என்று தொங்கினால் வெடி நமுத்துப்போகும். அந்த இரண்டு இடங்களில் மட்டும் 'பஹ்லூல் சொன்னார்' என்பதை முன்னால் வைத்துக்கொள்ளலாம், அல்லது சொல்லாமலே விடலாம். வசனம் யாருடையது என்பது தெரிந்தால் போதும். 'புன்னகைத்தபடி' போன்றவை மூலத்தில் இல்லை. பஹ்லூல் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரிப்பவரும் அல்லர்.

காசு விழும் இடத்தில் வரிசை மாறக்கூடாது. முதலில் காசு கையில் வருகிறது. கடைக்காரனுக்குக் காட்டப்படுகிறது. அவன் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறான். பிறகு தரையில் விழுகிறது. அதன் பிறகே பஹ்லூல் வாய் திறக்கிறார். செயல் முன்னால், சொல் பின்னால். அவசரப்பட்ட மொழிபெயர்ப்பு ஒன்று எப்படி இருக்கும் என்றால்: 'காசின் ஓசையால் கடைக்காரனுக்குப் பாடம் புகட்ட நினைத்த பஹ்லூல், சில நாணயங்களை எடுத்துத் தரையில் போட்டார்.' வினையெச்சமும் பெயரெச்சமும் கொண்டு ஒரே வாக்கியமாகக் கோப்பது தமிழுக்கு எளிது. அந்த எளிமையே இங்கே எதிரி, ஏனென்றால் முன்னால் வந்து நிற்கும் நீண்ட அடைமொழி ரகசியத்தைக் கக்கிவிடுகிறது. இந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்ன முற்றுவாக்கியங்கள் வேண்டும்.

விழுகிற காசுக்குத் தமிழில் ஒலிக்குறிப்பு கொடுக்கலாமா? மூலத்தின் எழுத்து வடிவங்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. தமிழ் கொடுத்தால் நல்லது. வாசகர் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அது ஒரு கட்டணம் என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்து திர்ஹம் மெல்லிய வெள்ளித்தகடு, எடை 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 'டம்', 'தொப்' ஆகாது. 'கலீர்' பொருந்தும். 'கலகல'வும் ஆகும், ஆனால் தமிழ் வாசகருக்கு அது சிரிப்பொலியையும் நினைவூட்டும்.

தொடக்கத்தில் ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் போதும். பாரசீக மாயக்கதைகள், 'ஒருவர் இருந்தார், ஒருவர் இல்லை' என்ற பொருள்படும் சொற்றொடரோடு தொடங்கும். தேவதைகளும் பூதங்களும் வருகிற கதைகளுக்கு உரியது அது. தமிழின் 'ஒரே ஒரு ஊரிலே' அதற்குச் சரியான ஜோடி. பஹ்லூல் கதை அந்த வகை இல்லை. அது துணுக்கு வகை, 'ஒரு நாள்' என்று நேராகத் தொடங்கும். இதற்குப் போய் 'ஒரே ஒரு ஊரிலே' என்று ஆரம்பித்தால் கேட்பவர் நீண்ட கதைக்குத் தயாராகிச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குள் கதை முடிந்திருக்கும்.

இந்த முடிவுகளையெல்லாம் சேர்த்து எழுதினால் கதை ஏறத்தாழ இப்படி வரும்:

ஒரு நாள் ஓர் ஏழை பஜார் வழியே போய்க்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கடை ஒன்றில் தேக்சா கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கையில் காய்ந்த ரொட்டி. அதைத் தேக்சாவிலிருந்து எழும் ஆவியில் காட்டி, இளகியதும் பிட்டுத் தின்றான். தின்றுவிட்டுக் கிளம்பியவனைக் கடைக்காரன் மறித்தான்.

"காசு எங்கே?"

"எதுக்குக் காசு? உன் சாப்பாட்டை நான் தொடவே இல்லையே."

"என் தேக்சா ஆவியில்தானே ரொட்டி இளகியது? அதற்குக் காசு."

தகராறு முற்றியது. கூட்டம் கூடியது. அந்தப் பக்கமாக வந்த பஹ்லூலைப் பார்த்ததும், "நீங்களாவது ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்றான் ஏழை.

பஹ்லூல் கடைக்காரனிடம் கேட்டார்: "இவன் உன் சாப்பாட்டைத் தின்றானா?"

"தின்னவில்லை. ஆவியையும் வாசனையையும் அனுபவித்தான்."

பஹ்லூல் ஜேபியிலிருந்து வெள்ளிக் காசுகளை எடுத்தார். கடைக்காரனுக்குக் காட்டினார். தரையில் விட்டார். கலீர் என்று விழுந்தன.

"சத்தத்தை வாங்கிக்கொள். உன் பாக்கி தீர்ந்தது."

கடைக்காரன் திகைத்துப்போனான். "கிறுக்கா, இதென்ன காசு கொடுக்கிற முறை?"

பஹ்லூல் சொன்னார்: "நியாயமான முறைதான். ஆவியையும் வாசனையையும் விற்கிறவன், காசின் சத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்."

இந்த வடிவத்தில் மூலத்தில் இல்லாதவை சில உண்டு. ரொட்டி இளகியதைக் கடைக்காரன் வாயால் சொல்ல வைத்தது, 'கலீர்', கடைசியில் அவன் 'கிறுக்கா' என்பது. மூன்றும் மூலத்தில் மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருகின்றன. குறிப்பாக 'கிறுக்கா'வை எடுத்துவிட்டால், பஹ்லூலை அறியாத தமிழ் வாசகருக்கு இவர் யாரோ ஊர்ப் பெரியவர் என்றுதான் தோன்றும். பாரசீக வாசகருக்குப் பெயரே சொல்லிவிடுவதைத் தமிழில் ஒரு விளிச்சொல் சொல்கிறது. இதற்கு மேல், பஹ்லூல் யார், ஹாரூன் யார் என்றெல்லாம் கதைக்குள் விளக்கம் நுழைத்தால் கதை தாங்காது. அது தொகுப்பின் முன்னுரைக்கு உரியது.

நீதி என்னவாயிற்று? தமிழ்ச் சிறுவர் கதைப் பழக்கத்தில், கதை முடிந்ததும் ஒரு கோடு போட்டு, 'நீதி:' என்று எழுதி, ஒரு பழமொழியை வைப்பார்கள். இந்தக் கதைக்கு அங்கே வந்து உட்காரத் துடிக்கும் பழமொழி 'பேராசை பெருநஷ்டம்'. அது இந்தக் கதைக்குப் பொய். கடைக்காரனுக்கு எந்த நஷ்டமும் ஏற்படவில்லை. சாப்பாடு அப்படியே இருக்கிறது, ஆவி எப்படியும் காற்றில் போயிருக்கும். பஹ்லூல் அவனைத் தண்டிக்கவும் இல்லை. அவன் கேட்டதைக் கொடுத்திருக்கிறார், அவன் விற்ற சரக்கின் அதே கனத்தில். உருவமில்லாத சரக்குக்கு உருவமில்லாத விலை. இந்தக் கதை சொல்லும் நீதி, கணக்கு நேராக வேண்டும் என்பது. ஆசை கூடாது என்பது வேறு கதையின் நீதி.

பாரசீக வடிவங்கள் சிலவற்றில் பஹ்லூல் இந்தக் கட்டண முறை 'அதாலத்'துக்கும் 'இன்சாஃப்'க்கும் பொருத்தமானது என்கிறார். முதல் சொல் லோக் அதாலத் வழியாகத் தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கும் பழக்கமானதே. நீதிமன்றச் சொல் ஒன்றைப் பைத்தியக்காரர் பஜாரில் நின்று சொல்வதில் ஒரு குறும்பு உண்டு. தமிழில் 'நியாயம்' அதைத் தாங்குகிறது. ஏழை 'நியாயம் சொல்லுங்கள்' என்று கேட்ட அதே சொல், பஹ்லூல் வாயில் 'நியாயமான முறை' என்று திரும்பி வருகிறது. 'தர்மம்' என்று போட்டால் உபதேசம் ஆகிவிடும். 'அறம்' என்றால் மேடைப்பேச்சு.

நீதி வாக்கியத்தை யார் சொல்கிறார் என்பதும் முக்கியம். மூலத்தில் அது பஹ்லூல் கடைக்காரனுக்குச் சொல்லும் பதில், கேட்ட கேள்விக்கு விடை. கதைக்கு வெளியே நின்று ஆசிரியர் வாசகருக்குச் சொல்வது இல்லை. அதைப் பிய்த்து வெளியே எடுத்து வைத்ததும் இரண்டு சேதம் நடக்கிறது. கடைக்காரனின் கேள்விக்கு விடை இல்லாமல் போகிறது, பஹ்லூல் வித்தை காட்டிவிட்டுப் போனவராகிறார். கூடவே, வாசகர் தாமே எட்டிப் பிடித்திருக்க வேண்டியதை ஒருவர் ஊட்டிவிடுகிறார். பத்திரிகையாசிரியர் 'நீதி' வரி கட்டாயம் வேண்டும் என்று கேட்டால், பஹ்லூலின் கடைசி வாக்கியத்தையே அங்கே மீண்டும் அச்சிடச் சொல்வது ஓரளவு சமாதானம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் செதுக்குவதிலும் ஓர் எல்லை வேண்டும். பாரசீகத்தில் அது 'எவன் விற்கிறானோ அவன்' என்ற பாணியில் இரண்டு கூறாக நீள்கிறது. தமிழின் 'விற்கிறவன்' அதை ஒரே சொல்லில் அடக்கிவிடும். அதனால் தமிழ் வரி மூலத்தைவிடக் கச்சிதமாக வரும். அதோடு விடாமல் 'வாசத்துக்கு ஓசை, வழக்குக்குப் பூசை' என்ற மாதிரி எதுகை கட்டத் தோன்றும். பட்டிமன்றத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பஹ்லூல் பஜாரில் நின்று கணக்குத் தீர்ப்பவர். அவர் வாக்கியம் ரசீது எழுதுவதுபோல் வறண்டு இருக்கும்போதுதான் சிரிப்பு கூடுகிறது.

மொழிபெயர்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கதை தெரியாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதைவிட நல்ல வழி இல்லை. இது காதால் கேட்டு வளர்ந்த கதை. 'சத்தத்தை வாங்கிக்கொள்' என்ற இடத்தில் முதல் சிரிப்பு வர வேண்டும். அதற்கு முன்பே, காசு கையில் வந்ததுமே வந்துவிட்டால், எங்கோ ரகசியம் கசிந்திருக்கிறது என்று பொருள். தலைப்பையும் பஹ்லூல் வரும் வாக்கியத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். அங்கே சிரிப்பு வராமல், கடைசி வாக்கியத்துக்குப் பிறகு ஒரு தலையசைப்பு மட்டும் வந்தால், செயல் மங்கிவிட்டது, நீதி தூக்கலாகிவிட்டது. 'காட்டினார்', 'விட்டார்' என்ற சிறு வாக்கியங்கள் எங்காவது ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்டவர் சிரித்து முடித்துவிட்டு, "அது சரி, அந்தக் காசை யார் பொறுக்கினார்கள்?" என்று கேட்பதும் உண்டு. மூலம் அதைச் சொல்லவில்லை. தமிழிலும் சொல்ல வேண்டியதில்லை.